20 இன்ச் டியூப் ரோல் 10 கிலோவில் எத்தனை மீட்டர் வரும்?

கேள்வி: "பாரிமுனையில் எல்டி பிளாஸ்டிக் டியூப் ரோல் வாங்குகிறேன். 20 இன்ச், 50 மைக்ரான், 10 கிலோ என்கிறார்கள். எத்தனை மீட்டர் இருக்கும்? மைக்ரான் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?"

சுமார் 214 மீட்டர். அகலத்தை மீட்டரிலும் தடிமனை மைக்ரானிலும் வைத்து அடர்த்தியோடு பெருக்கினால், ஒரு மீட்டர் நீளத்தின் எடை நேராகக் கிராமில் வந்துவிடும். டியூப் என்பதால் இரண்டு அடுக்கு, அதனால் 2-ஆல் பெருக்க வேண்டும். இந்த 2-ஐ மறப்பவர்கள்தான் அதிகம்.

```
0.508 × 50 × 0.92 × 2 = 46.7 கிராம்
10000 ÷ 46.7 = 214 மீட்டர்
```

0.92 என்பது எல்டியின் அடர்த்தி. எச்எம் என்ற வகை பிளாஸ்டிக் என்றால் 0.95 போடுங்கள். பக்கவாட்டில் மடிப்பு வைத்த ரோல் என்றால் மடிப்பை விரித்து அளந்த அகலம்தான் கணக்கு.

10 கிலோ என்பது உள்ளே இருக்கும் அட்டைக் குழாயோடு சேர்த்தா என்று கேளுங்கள். குழாய் 600 கிராம் என்றால் கையில் வருவது 201 மீட்டர்தான்.

மைக்ரானைப் பார்க்க, சரியாக ஒரு மீட்டர் வெட்டி நகைத் தராசு மாதிரி சின்னத் தராசில் வையுங்கள். மேலே உள்ள கணக்கில் 50-ஐ விட்டுவிட்டால் 0.508 × 0.92 × 2 = 0.935, எடையை இதனால் வகுத்தால் மைக்ரான் வரும். 42 கிராம் காட்டினால் 42 ÷ 0.935 = 45 மைக்ரான். ஐந்து குறைகிறது. இது சராசரிதான், ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்திருந்தால் எடையில் தெரியாது.

இன்னொரு விஷயம், சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபிலிம் மெலிதாக இருந்தும் எடை காட்டும். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றுக் குமிழியை நீக்கிவிடுங்கள். சுத்தமான எல்டி மிதக்கும். மூழ்கினால் தூள் நிறைய இருக்கிறது, மேலே சொன்ன 0.92 செல்லாது.