பூட்டிய வீடும் மேட்டுப்பாளையம் ரயிலும்

கேள்வி: டூர் போன இடத்தில் இருந்தே போட்டோ போட்டால் அப்படி என்ன ஆகிவிடும்? லொகேஷன் போடாமல் போட்டால் போதாதா? திரும்பி வந்த பிறகுதான் போட வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

போதாது. எங்கள் வீட்டுக்காரரும் லொகேஷன் போடவே இல்லை.

நங்கநல்லூரில் தனி வீடு. மாமியாரோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர். மூன்று வருடத்துக்கு முன்னால் மே மாதம் ஊட்டிக்குப் போனோம். இரண்டாம் நாள் ராத்திரி பின்பக்க கிரில்லை அறுத்து உள்ளே வந்து, பீரோவில் இருந்த நாலரை பவுனையும் வெள்ளிக் குத்துவிளக்குகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் வாசல் தெளிக்க வந்த அக்காதான் பார்த்துவிட்டு போன் செய்தார். அந்த அக்காவைத்தான் முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டோம். நானும்தான். பன்னிரண்டு வருடம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். இரண்டு நாள் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி உட்கார வைத்தார்கள்.

எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்வி. "நீங்க கிளம்பினது யாருக்கெல்லாம் தெரியும் சார்?" இவர் உடனே, "வேலைக்கு வர்றவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது சார்" என்றார். அவர் இவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஃபேஸ்புக்கைத் திறந்தார். ஒவ்வொரு பதிவிலும் இவர் பெயருக்குக் கீழே சின்னதாகப் பூமி உருண்டை அடையாளம் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளமாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். முதல் படம் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறும் முன் எடுத்தது. இவர் கையில் இரண்டு டிக்கெட்டையும் விரித்துப் பிடித்திருக்கிறார். மேலே எழுதியிருப்பது, "ரிட்டர்ன் வெயிட்டிங் லிஸ்ட் 7, கன்ஃபர்ம் ஆகுமா நண்பர்களே?" பத்து இலக்க பி.என்.ஆர். பளிச்சென்று தெரிகிறது. அந்த எண்ணை ரயில்வே தளத்தில் போட்டால் எந்த ரயில், எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே என்று வந்துவிடும். லொகேஷன் போடாமலேயே நாங்கள் திரும்பி வரும் தேதியைப் போட்டிருக்கிறோம்!

இரண்டாவது படம் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில். அந்த நீலப் பெட்டியைப் பார்த்து எந்த ஊர் என்று தெரியாத ஆள் தமிழ்நாட்டில் இருக்கிறாரா? அது காலை ஏழு மணி வாக்கில் கிளம்பினால் மத்தியானம்தான் ஊட்டி. அங்கிருந்து பதறியடித்துக் கார் பிடித்தாலும் சென்னை வர எட்டு ஒன்பது மணி நேரமாவது ஆகும். ஒருத்தன் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன கணக்குப் போடுவான்? நாம் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்கு எதற்கு? எவ்வளவு நேரம் வர மாட்டோம் என்பதுதான் வேண்டும். நேரலைப் படம் அதைத்தான் சொல்கிறது. ஊர் திரும்பிய பிறகு அதே படத்தைப் போட்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

மூன்றாவது பொட்டானிகல் கார்டனில் குடும்பப் படம், சக்கர நாற்காலியில் மாமியார். கீழே என் நாத்தனாரின் மாமியார், "அத்தையையும் கூட்டிட்டுப் போயிட்டீங்களா, வீட்டை யார் பாத்துக்குறது?" என்று கேட்க, இவர் பதில்: "பூட்டிட்டு வந்துட்டோம், அக்கா காலைல வந்து வாசல் மட்டும் தெளிப்பாங்க." எஸ்.ஐ. அதை வாய்விட்டுப் படித்தார். பக்கத்தில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வீடு எதுன்னு எப்படித் தெரியும்?" என்று இவர் கேட்டார். அவர் இன்னும் கீழே போனார். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்கு மாலை போட்ட படம், பின்னால் கேட்டில் கதவு எண்ணும் தெருப் பெயரும்.

இது போக இன்னொரு சமாச்சாரம் பிறகு என் பையன் காட்டினான். போனில் கேமராவுக்கு லொகேஷன் அனுமதி இருந்தால் படத்துக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம், போன் மாடல் எல்லாம் பதிந்துவிடும். தசமப் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், அதாவது ஒரு கிரவுண்டு மனையின் முன்பக்க அகலம். பழைய வாஷிங்மெஷினை விற்க, "படம் தெளிவா இல்ல, டாக்குமெண்டா அனுப்புங்க" என்று யாரோ கேட்டதும் நான் வாட்ஸப்பில் அப்படியே அனுப்பியிருக்கிறேன். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸப் அந்த விவரத்தை உதறிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பார்ப்பவர்களுக்கு அதைக் காட்டுவதில்லை. அதனால் "லொகேஷனை ஆஃப் செய்துவிட்டேன்" என்பதோடு நிற்காதீர்கள். டிக்கெட், பெயர்ப்பலகை, கமெண்ட் மூன்றையும் எந்த செட்டிங்கும் அழிக்காது. உங்கள் போனில் சரிபார்க்க, கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை மேலே தள்ளுங்கள். மேப் வந்தால் பெரும்பாலும் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். சில போன்களின் கேமரா செட்டிங்கில் Location tags என்று இருக்கும், அதை அணைத்துவிடலாம்.

இங்கே வந்து, "திருடன் உங்க போஸ்ட்டைப் பார்த்துதான் வந்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து வேறு ஒரு கேஸில் மாட்டியவனிடம் எங்கள் குத்துவிளக்கு ஒன்று கிடைத்தது. அவன் எப்படித் தெரிந்துகொண்டான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் கிடந்த பேப்பரைக்கூடப் பார்த்திருக்கலாம். ஆனால் யாருக்கெல்லாம் தெரியும் என்ற கேள்விக்கு ஒரே ஒரு ஆளைக் கைகாட்டினோமே, அது பொய். ஊருக்கே தெரியும்.

அதற்குள் சொல்லிவிடுகிறேன், தெருவில் வீட்டுக்கு 1500 ரூபாய் வசூலித்து கேமரா வைத்தார்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் ஹார்ட் டிஸ்க் நிறைந்து மூன்று மாதமாக எதுவுமே பதிவாகவில்லையாம். யார் பொறுப்பு என்று கேட்டதற்கு, "நீங்க மீட்டிங்குக்கு வந்திருக்கணும்" என்றார்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை.

அக்கா அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். காபி கொடுத்தார். கிளம்பும்போது, "இனிமே ஊருக்குப் போறதா இருந்தா என்கிட்ட சொல்லாதீங்கம்மா" என்றார்.

இப்போது கிளம்பும் முன் பக்கத்து ஸ்டேஷனில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம், ரோந்து வருபவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். திரும்பும் ரயிலில் இருந்துகூடப் போடுவதில்லை, "பை பை ஊட்டி" என்பதும் இன்னும் ஒரு ராத்திரி வீடு காலி என்றுதான் அர்த்தம். கூட வரும் சொந்தக்காரர்களிடமும் எங்களை டேக் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், வைத்துக்கொள்ளட்டும்.

போன ஜனவரியில் கொடைக்கானல் போய் வந்து நாலு நாள் கழித்து இவர் படங்களைப் போட்டார். அதே நாத்தனார் மாமியார், "இப்போ கொடைலயா? வீட்டை யார் பாத்துக்குறது?" என்று கேட்டார். இவர், "வீட்லதான் இருக்கோம், வாங்க" என்று பதில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து பேராக வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான்.