நாயின் மூட்டு வலிக்கு மாத்திரையா, மீன் எண்ணெயா, புரோபயோட்டிக்கா?

கேள்வி: எங்கட லப்ரடோருக்கு ஒன்பது வயசு, 30 கிலோ. காலையில எழும்பக் கஷ்டப்படுது. கடையில ஜொயின்ட் மாத்திரை, மீன் எண்ணெய், புரோபயோட்டிக் மூன்றையும் எடுக்கச் சொல்லுறாங்க. இதில எது உண்மையா வேலை செய்யும், எது விளம்பரம்? நாங்க இருக்கிறது திருகோணமலை.

மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான் காசு கொடுக்கச் சொல்வேன், அது மீன் எண்ணெய். ஆனால் அதையும் பெரும்பாலானோர் கொடுக்கிற அளவில், அதாவது நாளுக்கு ஒரு கப்சூல் என்று கொடுத்தால் பெரிய பிரயோசனம் இல்லை. நான் இங்கே நாய், பூனைகளைப் பார்க்கிற மிருக வைத்தியர், அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. எழும்பக் கஷ்டப்படுவதெல்லாம் வயதான மூட்டுத் தேய்வு என்று நீங்களே முடிவு எடுக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், அதிலும் மூட்டு வீங்கி நாய் விறைத்து நடக்கும். லப்ரடோருக்கு முழங்கால் தசைநார் கிழிவதும் அடிக்கடி நடக்கிற விஷயம். திடீரென்று ஆரம்பித்தது, ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறது, காய்ச்சல், சாப்பாடு வேண்டாம் என்கிறது, இப்படி ஏதாவது இருந்தால் போத்தல் வாங்குவதை விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் கொண்டு போங்கள். மெதுவாக மாதக்கணக்கில் கூடி வருகிற விறைப்பு, காலையில் அதிகம், கொஞ்சம் நடந்ததும் இலகுவாகிறது என்றால்தான் கீழே சொல்வது பொருந்தும்.

ஜொயின்ட் மாத்திரை என்று விற்பதில் முக்கியமாக இருப்பது குளுக்கோசமினும் கொன்ட்ரொயிட்டினும். குருத்தெலும்பு இந்தப் பொருட்களால் ஆனது, ஆகவே இதைச் சாப்பிட்டால் குருத்தெலும்பு திரும்ப வளரும் என்பதுதான் விற்பனைக் கதை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயால் போகிற குளுக்கோசமினில் சிறு பங்குதான் நாயின் இரத்தத்துக்கே போய்ச் சேருகிறது, கொன்ட்ரொயிட்டின் அதைவிடக் குறைவு. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன, அதற்குப் பிறகு வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்தவை ஏமாற்றின. 2022 இல் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், பூனை மூட்டுத் தேய்வுக்கான உணவுகளையும் சப்ளிமென்ட்களையும் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். ஒமேகா 3 வலியைக் குறைக்கிறது, குளுக்கோசமின் கொன்ட்ரொயிட்டின் வகை வேலை செய்யவில்லை, வலிக்கு அதை இனிப் பரிந்துரைக்கவே கூடாது என்பது அவர்கள் முடிவு. இவ்வளவு நேரடியாக எழுதுவது ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அபூர்வம்.

"ஆனால் எங்கள் நாய்க்குக் கொடுத்தோம், நல்லாய் வந்ததே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. மூட்டு வலி கூடிக் குறைந்துதான் வரும். நாய் மிக மோசமாக இருக்கிற கிழமையில்தான் நாங்கள் மாத்திரை தேடி ஓடுவோம், மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த கிழமை கொஞ்சம் தேறியிருக்கும். அதோடு நாயில் அன்பு வைத்தவருடைய கண்ணும் நல்லதையே தேடும். 2012 இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் வெற்று மருந்து கொடுக்கப்பட்ட நாய்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். நாய் எவ்வளவு ஊன்றுகிறது என்பதைத் தரையில் வைத்த கருவி அளந்தது. அந்த அளவில் மாற்றம் இல்லாதபோதும், பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் சொந்தக்காரர்கள் நொண்டல் குறைந்ததாகச் சொன்னார்கள். மிருக வைத்தியர்களும் இதில் தப்பவில்லை, ஏறத்தாழ நாற்பது வீதத்துக்கு மேல். அதனால்தான் "என் நாய்க்கு வேலை செய்தது" என்பதை, என் கண்ணால் பார்த்திருந்தாலும், ஆதாரமாக எடுக்க என்னால் முடியாது.

இனி மீன் எண்ணெய். அதில் வேலை செய்வது இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்கிற இரண்டு ஒமேகா 3 கொழுப்புகள். இவை குருத்தெலும்பை வளர்ப்பதில்லை, உடலில் அழற்சியைத் தூண்டுகிற பொருட்கள் உருவாவதைக் குறைக்கின்றன. 2010 அளவில் இந்தக் கொழுப்பு நிறையச் சேர்த்த உணவைக் கொடுத்துச் செய்த ஆய்வுகள் வந்தன. ஒன்றில் அந்த உணவு சாப்பிட்ட நாய்கள் நோவுள்ள காலை மற்ற நாய்களை விட நன்றாக ஊன்றியதைக் கருவியே காட்டியது. இன்னொன்றில் வலி மருந்தின் அளவைச் சீக்கிரம் குறைக்க முடிந்தது. இவை உணவுக் கம்பனி சம்பந்தப்பட்ட ஆய்வுகள்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன். பலன் நடுத்தரமானது. நொண்டுகிற நாய் ஓடத் தொடங்காது, எழும்புவது கொஞ்சம் இலகுவாகும்.

அளவில்தான் எல்லாம் இருக்கிறது. மூட்டுத் தேய்வுக்கு மிருக வைத்தியப் போசணையில் பாவிக்கிற கணக்கு இது:

```
310 × (எடை கிலோவில்)^0.75 = நாளுக்கு மில்லிகிராம் இ.பி.ஏ. + டி.எச்.ஏ.
```

போனில் போட லேசான வழி: 30 × 30 × 30 = 27000, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் 12.8 வரும், அதை 310 ஆல் பெருக்குங்கள். உங்கள் நாய்க்கு ஏறத்தாழ 4000 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்கு 1750 அளவில் வரும்.

இப்போது பாமசியில் கிடைக்கிற சாதாரணப் போத்தலைப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிதாக 1000 மில்லிகிராம் என்று இருக்கும், அது எண்ணெயின் எடை. பின்பக்கத்தைத் திருப்பினால் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும், ஆக மொத்தம் 300 தான். 4000 வேண்டுமென்றால் நாளுக்கு 13 கப்சூல்! நாளுக்கு ஒன்று கொடுக்கிறவர் தேவையில் பதின்மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுக்கிறார். அதே 1000 மில்லிகிராம் கப்சூலில் இரண்டும் சேர்ந்து 600 இருக்கிற செறிவான வகையும் உண்டு, அது ஆறேழு போதும். விலையைப் போத்தலுக்குப் பார்க்காமல், 1000 மில்லிகிராம் இ.பி.ஏ. டி.எச்.ஏ. என்ன விலை விழுகிறது என்று பார்த்தால் விலை கூடிய போத்தல்தான் சில வேளை மலிவாக இருக்கும்.

ஒரேயடியாக முழு அளவுக்குப் போகாதீர்கள். முதல் கிழமை கால் பங்கு, சாப்பாட்டோடு, பிறகு கிழமைக்குக் கிழமை கூட்டி ஒரு மாதத்தில் முழு அளவுக்கு வாருங்கள். வயிற்றால் போனால் முந்தின அளவுக்கு இறங்கி நில்லுங்கள். 30 கிலோவுக்குப் பாதுகாப்பான உச்சம் 4700 அளவில் இருக்கிறது, ஆகவே "கூடக் கொடுத்தால் கூட நல்லது" என்று போக இடமில்லை. முன்பு கணைய அழற்சி வந்த நாய்க்கு வேண்டாம். இரத்தம் உறைவதைக் கொஞ்சம் பாதிக்கக்கூடியது என்பதால் சத்திரசிகிச்சை இருந்தால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லுங்கள். மூட்டுக்கென்று விற்கிற சிறப்பு உணவு கொடுக்கிறீர்கள் என்றால் அதிலேயே ஒமேகா 3 நிறைய இருக்கும், அதற்கு மேல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

அப்புறம் ஒரு பெரிய ஆபத்து: கொட் லிவர் ஒயில். எங்கள் வீடுகளில் அதையும் மீன் எண்ணெய் என்றுதான் சொல்கிறோம். அது மீனின் ஈரலில் இருந்து எடுப்பது, விற்றமின் ஏ, டி இரண்டும் நிறைய இருக்கும். மேலே சொன்ன அளவுக்கு அதைக் கொடுத்தால் அந்த விற்றமின்கள் நஞ்சாகிவிடும். லேபலில் ஈரல் எண்ணெய் என்றோ விற்றமின் ஏ, டி என்றோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் அனுப்புகிற மனிதருக்கான சப்ளிமென்ட்களும் அப்படியே, விற்றமின் டி கலந்திருக்கும், மென்று தின்கிற வகையில் சைலிற்றோல் என்ற இனிப்பு இருந்தால் அது நாயைக் கொல்லவும் கூடும்.

இங்கத்தைய வெக்கைக்கு எண்ணெய் சீக்கிரம் காறிப் போகும். போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், இடைக்கிடை ஒரு கப்சூலை வெட்டி மணந்து பாருங்கள். மீன் மணம் பரவாயில்லை, பழைய பெயின்ற் போல் நெடி அடித்தால் எறியுங்கள். மார்க்கெட்டில் சாளை மலிவாகக் கிடைக்கிற நாளில் உப்பு, தூள் போடாமல் அவித்து, முள் நீக்கிக் கோழிக்குப் பதிலாகக் கொடுக்கலாம், நல்ல சாப்பாடு. ஆனால் பருவத்துக்குப் பருவம் அதன் கொழுப்பு மாறும், ஆகவே மருந்தளவாகக் கணக்கு வைக்க முடியாது. தேங்காய் எண்ணெயில் இந்தக் கொழுப்புகளே இல்லை. ஆளி விதையில் இருப்பதை நாயின் உடல் மிகக் குறைவாகத்தான் இ.பி.ஏ. ஆக மாற்றும்.

13 கப்சூல் என்றால் 120 கலோரி அளவில், அரைக் கப் சோற்றுக்கு மேல். அந்தளவு சோற்றைக் குறைக்காவிட்டால் நாய் கொழுக்கும், கொழுத்தால் எண்ணெய் தந்த நன்மை போய்விடும். உப்புவெளியில் ஒரு லப்ரடோருக்கு வீட்டுக்காரர் எல்லா மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தார், விலா எலும்பைத் தடவினால் கைக்கு அகப்படவில்லை. மாத்திரைகளை நிற்பாட்டி, சோற்றையும் பிஸ்கட்டையும் குறைத்து எடை இறங்கிய பிறகுதான் அது படியேறத் தொடங்கியது. கொழுத்த நாய்களில் உடல் எடை 6 வீதமளவு இறங்கும்போதே நொண்டல் குறைவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் நாய் கொழுப்பாக இருந்தால் அது இரண்டு கிலோவுக்கும் குறைவு, எந்தப் போத்தலும் இதற்குக் கிட்ட வராது.

பலனைப் பார்க்க, தொடங்க முதலே மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: காலையில் எத்தனை தரம் முயன்று எழும்புகிறது, முன் படியில் ஏறுகிறதா, டச் பே மணலில் எங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது என்பது மாதிரி. போனில் வீடியோவும் எடுங்கள், அதே படி, அதே நேரம். முழு அளவுக்கு வந்து ஆறு கிழமையிலும் மூன்று மாதத்திலும் திரும்ப எடுத்து, எது முந்தியது என்று சொல்லாமல் வேறொருவருக்குக் காட்டுங்கள். அந்த நாட்களில் வேறு எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வலி மருந்து பற்றி டொக்டரோடு கதையுங்கள், மெலொக்சிகாம், கார்ப்ரொஃபென் போன்றவற்றுக்கு எந்தச் சப்ளிமென்டையும் விடப் பலமான ஆதாரம் இருக்கிறது. உங்களுக்கென்று வாங்கிய ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மட்டும் வேண்டாம், நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

கடைசியாகப் புரோபயோட்டிக், அதாவது குடலுக்கு நல்லதென்று விற்கிற உயிருள்ள கிருமிகள். மூட்டுக்கு அது ஏதும் செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வயிற்றுப்போக்கு வந்தால் சில குறிப்பிட்ட கிருமி வகைகள் அதை ஒரு நாளோ இரண்டு நாளோ முந்தி நிறுத்துவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, சிலவற்றில் அதுவும் இல்லை. சாதாரண வயிற்றுப்போக்கு தானாகவே சில நாளில் நிற்கும் என்பதால் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணமாக்கியது போல் தெரியும். கனடாவில் கடைப் பொருட்களைச் சோதித்தபோது லேபலில் சொன்ன எண்ணிக்கைக்கு உயிருள்ள கிருமி இருந்தவை குறைவு. வெயிலில் லொறியில் வந்து விசிறியில்லாத தட்டில் கிடந்ததில் எத்தனை உயிரோடிருக்கும் என்று யோசியுங்கள். இரத்தத்தோடு போனாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ, தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்தாலோ புரோபயோட்டிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள், பார்வோ வைரஸ் என்றால் ஒரு நாள் தாமதமே குட்டியின் உயிரை எடுத்துவிடும்.