டியூப்லைட் இனி வராது: வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எலக்ட்ரிக்கல் பொருட்கள் விற்கிறேன். நான்கு அடி, 36 வாட் டியூப்லைட் எப்போதும் ஓடும் சரக்கு. இனி தயாரிக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பதிலுக்கு எல்.இ.டி. டியூப் கொடுத்தால், "பழையது மாதிரி இல்லையே", "எரியவே இல்லையே" என்று சிலர் திருப்பிக் கொண்டு வருகிறார்கள். வழக்கமாக வாங்குபவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? எந்த வித்தியாசங்களைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பதில்: முதலில் "வராது" என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "இப்போது ஸ்டாக் இல்லை" என்று சொன்னால் அவர் அடுத்த வாரம் மறுபடி கேட்பார், அல்லது வேறு கடையில் தேடுவார். நீங்கள் விற்ற கம்பெனி மட்டும் நிறுத்தியதா, அந்த வகையே முடிகிறதா என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர் எடுக்கும் முடிவு அதைப் பொறுத்துத்தான் இருக்கும். ஃப்ளோரசன்ட் டியூப் விஷயத்தில் வகையே முடிகிறது. இந்த டியூப்களுக்குள் பாதரசம் இருக்கிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-ல் கூடி, ஹேலோபாஸ்பேட் என்ற உள்பூச்சு கொண்ட பழைய டியூப்களை 2026 இறுதிக்குள்ளும், அதைவிட வெளிச்சம் தரும் டிரைபாஸ்பர் பூச்சு டியூப்களை 2027 இறுதிக்குள்ளும் தயாரிப்பதையும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதையும் நிறுத்த முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டிலேயே டி8 எனப்படும் இந்த வகை டியூப்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவது நின்றுவிட்டது. அதனால் வேறு பிராண்ட் டியூப்பைக் கொடுத்தாலும் அது கொஞ்ச காலத்துக்குத்தான். கையில் மிச்சம் இருந்தால் எத்தனை என்று சொல்லி, "இது தீர்ந்தால் அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுங்கள்.

இனி மாற்றுப் பொருள். "எரியவே இல்லை" என்று திரும்பி வருகிற டியூப்கள் எல்லாம் கெட்டுப்போனவை அல்ல. வீட்டில் டியூப்பை மாட்டும் பட்டிக்குப் பொருந்தாத வகையாக இருக்கும், அல்லது ஸ்டார்ட்டரை மாற்றாமல் விட்டிருப்பார்கள். நீளமும் முனையிலுள்ள இரண்டு ஊசிகளும் ஒன்றாகவே இருப்பதால் எந்த எல்.இ.டி. டியூப்பும் எந்தப் பட்டியிலும் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே சரியானது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். விற்பவர் அங்கேதான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உங்கள் பட்டியில் ஸ்டார்ட்டர் இருக்கிறதா?"

ஸ்டார்ட்டர் என்றால் பக்கவாட்டில் திருகி எடுக்கிற அந்தச் சிறிய உருளை. அது இருந்தால் உள்ளே கனமான பழைய சோக் இருக்கும், டியூப் இரண்டு மூன்று முறை மினுக்கிவிட்டுத்தான் எரியும். அது இல்லாமல், சுவிட்ச் போட்டதும் மினுக்காமல் எரிந்தால் பெரும்பாலும் எலக்ட்ரானிக் சோக். வாடிக்கையாளருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் எப்படி எரிகிறது என்று சொல்லத் தெரியும். ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாலும் போதும்.

பழைய சோக்குக்கு ஏற்ற எல்.இ.டி. டியூப்போடு ஒரு டம்மி ஸ்டார்ட்டர் வரும். பார்க்க ஸ்டார்ட்டர் மாதிரியே இருந்தாலும் உள்ளே ஒரு ஃப்யூஸ்தான். பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும். இப்படிப்பட்ட டியூப்பில் ஒரு முனை வழியாகத்தான் மின்சாரம் உள்ளே போகிறது, மறுமுனையின் ஊசிகள் உள்ளுக்குள் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டார்ட்டர் இருக்கும் இடம் வழியாகத்தான் சுற்று முழுமையாகிறது. பழைய ஸ்டார்ட்டர் நிலையாகக் கடத்தாததால் டியூப் மினுக்கிக்கொண்டே இருக்கும், அல்லது எரியாது. அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் அந்தச் சின்ன உருளையைக் குப்பையோடு தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. கொடுக்கும்போதே எடுத்துக் கையில் காட்டிவிடுங்கள்.

எலக்ட்ரானிக் சோக் இருந்தால், அதற்குப் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிட்ட டியூப்பைத்தான் கொடுக்க வேண்டும். பொருந்தும் சோக்குகளின் பட்டியலைத் தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். மூன்றாவது வகைக்குச் சோக்கே வேண்டாம், நேரடி மின்சாரத்தில் எரியும். ஆனால் பட்டியின் உள் இணைப்பை எலக்ட்ரீஷியன் மாற்ற வேண்டும். மாற்றிய பட்டியில் பிறகு யாராவது பழைய டியூப்பை மாட்டினால் அதன் இழை மீது நேரடி மின்சாரம் பாய்ந்துவிடும். அதனால் "எல்.இ.டி. மட்டும்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். டம்மி ஸ்டார்ட்டர் போட்ட பட்டியிலும் பழைய டியூப்பை மாட்டக்கூடாது. அதன் முனைகள் மட்டும் சிவந்து நிற்கும், டியூப் எரியாது, சோக் சூடாகும்.

அப்புறம் வெளிச்சம். "36 வாட்டுக்குப் பதில் 18 வாட், அதே வெளிச்சம்" என்பது பாதி உண்மை. பழைய டியூப்பின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்தால் மீதி புரியும். 765 என்று முடிந்தால் ஹேலோபாஸ்பேட் வகை, ஒளியின் அளவு தோராயமாக 2500 லூமன். 865 என்றால் டிரைபாஸ்பர், சுமார் 3250 லூமன். முதல் எண் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைக் காட்டுகிறது, 8 இருந்தால் 7-ஐ விட நல்லது. கடைசி இரண்டு எண்கள் ஒளியின் நிறம்: 65 என்றால் 6500 கெல்வின், வெள்ளை வெளேர் என்றிருக்கும். சாதாரண 18 வாட் எல்.இ.டி. டியூப் ஏறத்தாழ 2000 லூமன் தருகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் குறைவுதான். ஆனால் பழைய டியூப் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறும், ஏறக்குறைய பாதி மேலே கூரைக்குப் போய்விடும். எல்.இ.டி. பெரும்பகுதியைக் கீழே தள்ளும். எனவே மறைப்பில்லாத பட்டியில் 765 டியூப் இருந்த இடத்தில் 18 வாட் எல்.இ.டி. மாட்டினால் மேசை மேல் வெளிச்சம் குறையாது, சில சமயம் கூடும். கூரையும் சுவரின் மேல்பகுதியும் இருண்டு தெரியும். "அறை மங்கலாக இருக்கிறது" என்கிறவர் பெரும்பாலும் அந்தக் கூரையைத்தான் சொல்கிறார்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். தையல் பட்டறை வைத்திருப்பவர் பத்து டியூப் கேட்கிறார். பழைய டியூப்பில் 865 என்று இருக்கிறது, பட்டிகளில் மேலே பளபளப்பான தகட்டுப் பிரதிபலிப்பான் இருக்கிறது, ஸ்டார்ட்டர் உண்டு. பிரதிபலிப்பான் மேலே போகும் ஒளியின் பெரும்பகுதியை ஏற்கெனவே கீழே திருப்பிக்கொண்டிருந்ததால், எல்.இ.டி.க்குத் திசையால் கிடைக்கும் லாபம் இங்கே சொற்பம். 3250 லூமன் டியூப்பின் இடத்தில் 2000 லூமனைக் கொடுத்தால் தையல் மேசை நிச்சயம் மங்கும். இவருக்கு 18 வாட் வேண்டாம். நான்கு அடியிலேயே 2500 லூமனுக்கு மேல் தரும் அதிக ஒளி வகையைத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் நிறங்களைச் சரியாகக் காட்டும் 8-ல் தொடங்கும் வகையில், டம்மி ஸ்டார்ட்டரோடு. வாட் கொஞ்சம் கூடும், ஆனாலும் பழைய 36 வாட் டியூப்பும் அதன் சோக் விழுங்கும் சுமார் 9 வாட்டும் சேர்ந்த கணக்கை விடக் குறைவுதான். முதலில் இரண்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் பழைய டியூப் இருக்கும்போதே ஒப்பிட்டால்தான் சரியாகத் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: பழைய டியூப் வயதானால் தானே மங்கும், அதோடு ஒப்பிட்டு எல்.இ.டி. பிரமாதம் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

எல்.இ.டி. டியூப்பைக் கொடுக்கவே கூடாத இடமும் உண்டு. இரண்டு பக்கமும் எழுத்து தெரியும் விளம்பரப் பலகைப் பெட்டியில் சாதாரண எல்.இ.டி. டியூப்பை மாட்டினால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும். இரு பக்க ஒளி தரும் வகை தனியாக இருக்கிறது. அது உங்களிடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவதே நல்லது. இரண்டு அடி டியூப்கள் இரண்டை ஒரே சோக்கில் தொடராக இணைத்த பட்டியும் அப்படித்தான். பெட்டியில் அதற்கு அனுமதி இருந்தால் மட்டும் கொடுங்கள்.

வழக்கமாக வாங்குபவர்களுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"வணக்கம். நீங்கள் வாங்கும் 36 வாட் டியூப்லைட் தயாரிப்பு நின்றுவிட்டது, இனி வராது. எங்களிடம் மிச்சம் இருப்பவை தீரும்வரை கிடைக்கும். மாற்றாக 18 வாட் எல்.இ.டி. டியூப் இருக்கிறது. நீளமும் ஊசியும் அதேதான். மாறுவது: கூடவே வரும் புது ஸ்டார்ட்டரைக் கட்டாயம் போட வேண்டும், ஒளி கீழ்நோக்கி வரும், கூரை கொஞ்சம் இருண்டு தெரியும், மின்சாரம் பாதிக்கும் குறைவாக எடுக்கும். தையல், அச்சு போன்ற நுட்ப வேலை என்றால் வேறு வகை வேண்டும். வாங்கும் முன் உங்கள் பட்டியின் போட்டோவும் பழைய டியூப்பில் அச்சிட்ட எண்ணும் அனுப்புங்கள், பொருந்துவதைச் சொல்கிறோம்."

இதில் நல்லதும் குறையும் ஒரே மூச்சில் வருகின்றன, அதை மாற்றாதீர்கள். "பல வருஷம் உழைக்கும்" என்பதை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் ஆயுள் மணிக்கணக்கு பெரும்பாலும் ஒளி 70 சதவீதமாகக் குறையும்வரை என்ற பொருளில் வருவது. மூடிய பட்டியில் சூடு ஏறினால் அதுவும் நடக்காது. வாரண்டி எத்தனை மாதம், திருப்பித் தரும் விதி என்ன என்று மட்டும் எழுதினால் போதும். சோக் பொருந்தாமல் திரும்பி வருபவற்றுக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

தொடர் ஆர்டர் வைத்திருப்பவருக்குக் கேட்காமலே எல்.இ.டி. டியூப்பை மாற்றி அனுப்பிவிடாதீர்கள். பில்லில் பழைய பெயரையே போட்டு அனுப்புவது அதைவிட மோசம். மாற்றுப் பொருளின் முழுப் பெயரும் மாடல் எண்ணும் பில்லில் இருக்கட்டும், அடுத்த முறை அதையே கேட்க அவருக்கும் எளிது. பழைய டியூப்களைக் கழற்றும்போது உடைக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். அவற்றைச் சேகரிக்கும் வசதி உங்களிடம் இருந்தால் செய்தியின் கடைசியில் அதையும் ஒரு வரி எழுதிவிடலாம்.