குண்டா, முடியா?

"என் பெர்சியன் பூனை போட்டோவில் உருண்டையாகத் தெரிகிறது. நிஜமாகவே குண்டா, இல்லை முடிதானா?"

உட்கார்ந்திருக்கும் படத்தை விட்டுவிடுங்கள், அதில் எல்லாப் பூனையும் குண்டுதான். நிற்கும்போது நேர் மேலிருந்து எடுங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு லேசாக உள்வாங்கினால் நல்ல உடம்பு. பெர்சியனில் அந்த வளைவை முடி நிரப்பிவிடும். ஈரக் கையால் முடியைப் படியவைத்து எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், பின்னங்கால்களுக்கு முன்னால் தொங்கி, நடக்கையில் ஆடும் தோல்பை பல பூனைகளுக்கு இயல்பானது. அதைத் தொப்பை என்று எண்ணிப் பட்டினி போடாதீர்கள்.

இவ்வளவு முடிக்குள் விலா மட்டும் படத்தில் தெரியாது. தடவித்தான் பார்க்க வேண்டும். புறங்கை எலும்பு போல லேசாகத் தட்டுப்பட்டால் சரி, அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். முதுகெலும்பு கூராகக் குத்தி, வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது பெரும்பாலும் கொழுப்பல்ல, டாக்டரிடம் காட்டுங்கள்.