எந்த எண்டிங் வரும்னு கேம் எப்படி முடிவு பண்ணுது? உங்க கேள்விகளுக்கு பதில்

நான் பண்ற ஒவ்வொரு சாய்ஸையும் கேம் ஞாபகம் வச்சுக்குதா? அப்போ ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கதையா எழுதி வச்சிருப்பாங்க?

இல்லைங்க, அப்படி எழுத ஆரம்பிச்சா எந்த டீமாலயும் முடிக்க முடியாது. பத்து இடத்துல ரெண்டு ரெண்டு சாய்ஸ் வச்சாலே 1024 வழி வந்துடும். அதனால எல்லாரும் பண்றது என்னன்னா, கதை ரெண்டா பிரியும், கொஞ்ச தூரம் போயி திரும்ப ஒரே சீன்ல வந்து சேர்ந்துக்கும், ஆனா பிரிஞ்ச இடத்துல நீங்க என்ன பண்ணீங்கன்னு ஒரு சின்ன குறிப்பு மட்டும் கேம்கிட்ட இருக்கும். அந்த குறிப்பு ரெண்டு வகைல வரும். ஒண்ணு ஃப்ளாக், அதாவது நடந்துச்சா இல்லையாங்கறது மட்டும். இன்னொண்ணு கவுண்டர், ஏறி இறங்குற ஒரு நம்பர், பெரும்பாலும் ஒரு கேரக்டருக்கு உங்க மேல எவ்ளோ நம்பிக்கைங்கற மாதிரி. கடைசில எண்டிங்கை முடிவு பண்றப்போ கேம் உங்க முழு கதையையும் திரும்பி பார்க்கறதில்ல, இந்த சில குறிப்புகளை மட்டும்தான் பார்க்குது.

அண்ணா, ரென்பைனு கதை கேம் எழுதற சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன கேம் பண்றேன். நல்ல எண்டிங் வரவே மாட்டேங்குது. எல்லா சாய்ஸும் சரியா பண்ணியும் நடுத்தர எண்டிங்தான் வருது. கோட் அனுப்பிருக்கேன் பாருங்க.

பார்த்தேன். உங்க கேம்ல ரெண்டு தப்பு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு, அதனாலதான் ஒண்ணை சரி பண்ணியும் உங்களுக்கு வித்தியாசம் தெரியல. நிறைய பேருக்கு இதே பிரச்சனை வர்றதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல மத்தவங்களுக்காக கதை: மீராங்கற கேரக்டருக்கு வந்த லெட்டரை அவகிட்ட குடுத்தா அவளோட நம்பிக்கை, அதாவது கோட்ல `trust`, 1 ஏறும், `letter_given` ஃப்ளாக்கும் ஆன் ஆகும், மறைச்சா ஒண்ணும் ஏறாது. அடுத்து சண்டை சீன்ல அவ பக்கம் நின்னா 2 ஏறும், சும்மா இருந்தா 0, எதிர்த்து பேசினா 1 குறையும். மூணாவதா கதவு சீன், அங்க அவகூடவே இருந்தா 1 ஏறும், கிளம்பிட்டா 0. கடைசில நீங்க எழுதினது:

```
label finale:
    if trust >= 1:
        jump ok_end
    elif trust >= 4 and letter_given:
        jump good_end
    else:
        jump alone_end
```

இந்த `if` வரிசை மேலேர்ந்து கீழ படிக்கப்படும், முதல்ல எது உண்மையோ அங்கயே நின்னுடும், கீழ இருக்கறதை பார்க்கவே பார்க்காது. நம்பிக்கை 4 இருந்தாலும் அது 1க்கு மேலதானே, அதனால முதல் வரிலயே `ok_end`க்கு போயிடுது. கஷ்டமான கண்டிஷன் மேல, லேசானது கீழ, எதுவும் இல்லைன்னா போற எண்டிங் கடைசில. இது முதல் தப்பு.

வரிசையை மாத்தினாலும் உங்களுக்கு நல்ல எண்டிங் வராது, ஏன்னா ரெண்டாவது தப்பு கதைக்குள்ள இருக்கு. 1, 2, 1 கூட்டினா 4 வருதேன்னு `trust >= 4` வச்சிருக்கீங்க. ஆனா உங்க கதைல லெட்டரை குடுத்தா, சண்டை முடிஞ்சதும் மீரா ஊருக்கு கிளம்பிடுறா, கதவு சீனே வராது! அப்போ அந்த வழில அதிகபட்சம் 3. லெட்டரை மறைச்சா கதவு சீன் வரும், ஆனா லெட்டர் பாயிண்ட் கிடையாது, அங்கயும் அதிகபட்சம் 3. ஆக 4ங்கற நம்பரை யாராலயும் தொடவே முடியாது. மொத்த பாயிண்ட்டை கூட்டி லிமிட் வைக்காதீங்க, ஒவ்வொரு வழிக்கும் தனியா கூட்டி பாருங்க.

உங்க கேம் சின்னது, மொத்தமே 9 வழிதான், ஒரு பேப்பர்லயே போட்டுடலாம். லெட்டர் குடுத்தா 3 வழி, அதுல நம்பிக்கை 3, 1, 0. மறைச்சா 6 வழி, அதுல 3, 2, 1, 0, 0, மைனஸ் 1. இப்போ `trust >= 3 and letter_given`ங்கறதை மேல வச்சா நல்ல எண்டிங்குக்கு 1 வழி, நடுத்தரத்துக்கு 4, தனியா போற எண்டிங்குக்கு 4. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, லெட்டரை மறைச்சுட்டு மத்த எல்லாத்துலயும் நல்லவனா நடந்தாலும் நல்ல எண்டிங் கிடையாதுங்கறது. நம்பர் 3 இருந்தும் ஃப்ளாக் தடுக்குது. அதை மட்டும் மாத்திடாதீங்க, உங்க கதையோட உயிரே அங்கதான் இருக்கு.

டெஸ்ட் பண்றப்போ Shift+O அழுத்தி கன்சோல்ல `watch trust`னு போடுங்க, சீன் ஓட ஓட நம்பர் எப்போ ஏறுது, எப்போ ஏறலைன்னு திரைலயே தெரியும்.

`else` கட்டாயம் போடணுமா? என்னோடதுல சம்பந்தமே இல்லாத எண்டிங் ஒண்ணு வருது.

போடணும். எந்த கண்டிஷனும் பொருந்தலைன்னா ரென்பை எரர் காட்டாது, அப்படியே கீழ இருக்கற அடுத்த லேபிளுக்குள்ள, அதாவது பேர் வச்ச அடுத்த பகுதிக்குள்ள இறங்கிடும். உங்க ஃபைல்ல `finale`க்கு கீழ எந்த எண்டிங் எழுதிருக்கோ அதுதான் அந்த "சம்பந்தமே இல்லாத" எண்டிங், திறந்து பாருங்க.

நானும் என் ஃப்ரெண்டும் ஒரே சாய்ஸ்தான் எடுத்தோம், எண்டிங் மட்டும் வேற. ரேண்டமா குடுக்கறாங்களா?

ரேண்டமா குடுக்கற கேம் ரொம்ப கம்மி. பெரும்பாலும் நீங்க சாய்ஸ்னே நினைக்காத ஒண்ணை கேம் எண்ணிக்கிட்டு இருந்திருக்கும். 2001ல வந்த சைலன்ட் ஹில் 2 இதுக்கு நல்ல உதாரணம். அதுல ஒரு எண்டிங்குக்கு, ஏஞ்சலா குடுத்த கத்தியை நீங்க எடுத்து பார்த்தீங்களா, அடிபட்டும் குணப்படுத்திக்காம நடந்துட்டே இருந்தீங்களாங்கறதெல்லாம் கணக்குல சேரும். பட்டனே வராது, தன் உயிர் மேல அக்கறை இல்லாத ஆள் மாதிரி நீங்க ஆடினீங்களான்னு பார்க்குது. இது சரியா அமைஞ்சா அவ்ளோ அழகா இருக்கும், ஏன்னா பாயிண்டுக்காக யாரும் நடிக்க முடியாது. ஆனா நீங்களே கேம் எழுதறப்போ ஒரே ஒரு மறைஞ்ச செயலை மட்டும் நம்பி எண்டிங்கை மாத்தாதீங்க, நாலஞ்சு செயலை சேர்த்து எண்ணுங்க. இல்லைன்னா கைதவறி ஒரு பொருளை தொட்டவனுக்கும் கதை மாறிடும்.

அப்டேட் விட்டதும் பழைய சேவ் லோட் பண்றவங்களுக்கு எண்டிங் சீன்ல கேம் நின்னுடுது. NameErrorனு வருது.

புதுசா சேர்த்த வேரியபிளை `start` லேபிளுக்குள்ள எழுதிருப்பீங்க. பழைய சேவ்ல இருக்கறவங்க அந்த இடத்தை தாண்டி போயாச்சு, அதனால அவங்களுக்கு அந்த வேரியபிள் பிறக்கவே இல்ல. மேல பார்த்த மீரா கதையையே உதாரணமா வச்சா, லேபிளுக்கு வெளிய இப்படி எழுதுங்க:

```
default trust = 0
default letter_given = False
```

`default` போட்டா, சேவ்ல அந்த பேர் இல்லைன்னா லோட் ஆகறப்பவே ரென்பை அதை உருவாக்கிடும், கேம் நிக்காது. ஆனா ஒண்ணு கவனிங்க, லெட்டர் சீனை ஏற்கனவே தாண்டினவங்க லெட்டரை குடுத்திருந்தாலும் அவங்களுக்கு ஃப்ளாக் `False`னுதான் இருக்கும். அவங்களுக்காக கதையோட பின்பகுதில மீரா அந்த லெட்டரை பத்தி நேரடியா கேக்கற மாதிரி ஒரு சின்ன வசனம் வச்சு, பதிலை பொறுத்து ஃப்ளாக்கை அங்க செட் பண்ணுங்க.