பழைய பதிவேட்டில் 'வலிப்பு' என்று மட்டும் இருந்தால்: கேள்வி பதில்

அப்பப்பாவின் முதல் மூன்று பிள்ளைகளும் 1912க்கும் 1916க்கும் இடையில் 7, 8, 6 நாள் வயதில் இறந்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் அடக்கப் பதிவேட்டில் மூன்றுக்கும் 'வலிப்பு' என்றுதான் இருக்கிறது. காக்கா வலிப்பு எங்கள் பரம்பரையில் உண்டா?

அந்த வயதுதான் விடையைச் சொல்கிறது. காக்கா வலிப்பை விட டெட்டனஸ் எனும் ஏற்புவலிக்கே இது பொருந்தும். சுத்தமில்லாத கத்தியால் கொப்பூழ்க்கொடியை அறுத்தாலோ, புண்ணில் சாம்பல் தடவினாலோ கிருமி உள்ளே போகும். பிள்ளை இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு தாடை இறுகும், சப்ப முடியாது, உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுக்கும். அந்த இழுப்பை வீட்டார் 'வலிப்பு' என்று சொல்ல, அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒரே வீடு, ஒரே மருத்துவிச்சி, ஒரே கத்தி என்றால் அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் வரும். பரம்பரை போலத் தோன்றுவது அதனால்தான்.

முதல் நாளே இழுத்திருந்தால் பிரசவத்தில் மூச்சுத் திணறியதா என்று யோசிப்பேன். மாதக்கணக்கான பிள்ளை என்றால் காய்ச்சல், மலேரியா.

அப்புறம் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். பிள்ளை சாகக் கிடந்தால் வீட்டிலேயே அவசர ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அந்தத் தேதி ஐந்தாம், ஆறாம் நாள் என்றால், நோய் எப்போது முற்றியது என்று தெரியும். ஆனாலும் கொப்பூழ்ப் புண்ணிலிருந்து இரத்தத்தில் ஏறும் வேறு கிருமியும் இதே நாட்களில் கொல்லும். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த ஏட்டால் முடியாது.

தப்பிப் பிழைத்த நாலாவது பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள், மருத்துவிச்சியும் கத்தியும் மாறினவா என்று தெரியும். டி சொய்சா பிரசவ மருத்துவமனை 1879 முதலே கொழும்பில் இருக்கிறது.

'பலவீனம்' என்றால் பட்டினிதானே? எங்கள் பெரியம்மாவுக்கு அப்படி எழுதியிருக்கிறார்கள், வயது 24.

பட்டினியும் இருக்கலாம், அதில் பாதி சரி. ஆனால் 24 வயதுப் பெண் என்றால் முந்தைய ஆறு வாரத்தில் அவருக்குப் பிள்ளை பிறந்ததா என்று பிறப்புப் பதிவில் முதலில் தேடுங்கள். இல்லையென்றால் காசநோயை நினையுங்கள். வீட்டில் கல்யாணத்துக்கு இருக்கும் தங்கைமாரை நினைத்து அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

காணி வழக்குக்கு அப்பாவின் மரணப் பத்திரத்தில் 'திடீர் மரணம்' என்பதை மாற்றலாமா?

அதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், நான் பழைய ஏடு வாசிப்பவன்.

திடீர் மரணம் என்றால் தற்கொலையை மறைப்பதா? எங்கள் சித்தப்பா, 1938.

மாரடைப்பாகவும் இருக்கலாம். அப்போது தெரிந்தே தற்கொலை செய்தவருக்குக் கத்தோலிக்க அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது, அதனால் குடும்பங்கள் மென்மையான சொல்லைத் தேடின. கோயில் ஏட்டை அரசாங்க மரணப் பதிவோடு ஒப்பிடுங்கள். அதில் தகவல் தந்தவர் உறவினர் அல்லாமல் மரண விசாரணை அதிகாரி என்றால், விசாரணை நடந்திருக்கிறது. முடிவு என்னவென்று அந்த விசாரணைக் கோப்பு கிடைத்தால்தான் தெரியும்.