ம்-னா சரின்னு அர்த்தமா?

வணக்கம் சார். கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகுது. போன மாசம் என் மனைவி அவங்க அம்மா வீட்டுப் பக்கத்துல ஒரு வீடு பாத்து அட்வான்ஸே குடுத்துட்டாங்க. கேட்டா, "நான் சொன்னப்போ எல்லாத்துக்கும் ம், ம்-னு சொன்னீங்கல்ல"ங்குறாங்க. ம்-னா 'கேட்டுட்டு இருக்கேன்'னுதானே சார் அர்த்தம்? பொம்பளைங்க ம்-னா கேக்குறேன், ஆம்பளைங்க ம்-னா ஒத்துக்கிறேன்னு எங்கயோ படிச்சேன், அது உண்மையா? ஆபீஸ் மீட்டிங்லயும் இதே தொல்லை. என்ன பண்ணட்டும்?
(வாசகர், கோவை)

தம்பி,

ஆபீஸை விடுங்க. அங்க என்ன முடிவாச்சுன்னு சாயங்காலம் மெயில் வந்துரும்.

ஆம்பளை பொம்பளை கதை 1982ல மால்ட்ஸ், போர்க்கர்னு ரெண்டு மானுடவியல்காரங்க எழுதின கட்டுரையில இருந்து கிளம்புனது. அமெரிக்கப் பேச்சைப் பத்தி அவங்க வச்ச ஒரு யூகம் அது, இப்படி இருக்கலாமோன்னு சொன்னாங்க, அவ்வளவுதான். அப்புறம் வந்தவங்க அதை வேதம் ஆக்கிட்டாங்க. உங்க வீட்டுலயே பாருங்க, 'கேக்குறேன்'னு ம் கொட்டினது ஆம்பளை, 'ஒத்துக்கிட்டார்'னு எடுத்துக்கிட்டது பொம்பளை. கதை அப்படியே தலைகீழ்.

உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே கிணறு, தண்ணி ஆளுக்கு நாலு நாள் முறை. எனக்குப் பதினோரு வயசு இருக்கும். அப்பா திண்ணைக்குக் கீழ குந்தி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுட்டு இருக்காரு, பெரியப்பா வந்து திண்ணையில உக்காந்தாரு.

"ஊத்து கொறைஞ்சிருச்சுடா."

"ம்."

"மூணு மணி நேரத்துல தரை தட்டிருது."

"ம்."

"எனக்கு வாழை வேற குலை தள்ளுத நேரம்."

"ம்."

"அதான், இந்தக் கோடை முடியுத மட்டும் உன் முறையில ரெண்டு நாள் நான் எறைச்சுக்கிடுதேன், என்ன?"

"ம்."

பெரியப்பா எந்திரிச்சுப் போயிட்டாரு. மறுவாரம் எங்க முறையில அவரு தண்ணி எறைக்காரு, அப்பா வரப்புல நின்னு கத்துறாரு, அவரு "நீதானலே உம்-னு சொன்ன"ங்காரு. ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. எங்க கத்திரிச்செடி காஞ்சது தனிக்கணக்கு.

யாரு பக்கம் நியாயம்னு ரொம்ப காலம் எனக்கு விளங்கல. ஷெக்லாஃப்னு ஒரு அமெரிக்கர், வாழ்நாள் பூரா மனுஷங்க பேச்சை டேப்புல போட்டு வரி வரியா பாத்தவர், அவர் 1982ல எழுதினதைப் படிச்சப்பதான் பிடி கிடைச்சுது. அவர் சொல்றது இதுதான். ஒருத்தர் பேச்சு நடுவுல ஒரு சின்ன இடைவெளி விடுவார், அந்த இடத்துல அடுத்தவர் வாயைத் திறந்து பேச ஆரம்பிக்கலாம், ஆனா அவர் வெறும் 'ம்'-னு சொல்லி, எனக்கு வந்த வாய்ப்பு வேண்டாம், நீயே மேல சொல்லுன்னு திருப்பிக் குடுத்துடுறார். அவ்வளவுதான் அதோட வேலை. அப்புறம் ஏன் அது சம்மதம் மாதிரி தெரியுது? "இரு, என்ன சொல்ற நீ?"ன்னு கேக்குறதுக்கும் அந்த இடம்தான் இடம். கேக்க வாய்ப்பு இருந்தும் கேக்கல, அப்போ இவருக்கு ஆட்சேபணை இல்லபோலன்னு எதிராளி நினைக்கிறதுல தப்பில்ல.

இப்போ திண்ணைக்கு வாங்க. முதல் மூணு ம், 'சொல்லு அண்ணே'. அதுல சம்மதம்னு ஒண்ணுமே இல்ல. நாலாவதுக்கு முன்னாடி பெரியப்பா "என்ன?"ன்னு ஒண்ணு வச்சாரு பாருங்க, அங்கேயே ஆட்டம் மாறிப்போச்சு. அதுவரைக்கும் அவர் சேதி சொல்லிட்டு இருந்தாரு, இப்போ கேக்குறாரு. கேள்விக்கு அப்புறம் வர்ற ம் பதில்தான், அதே சத்தம், அதே நீளம், ஆனா பதில். அப்பா காது சைக்கிள் செயின்ல இருந்துச்சு, வாய் பழக்கத்துல ஓடிட்டு இருந்துச்சு. நாலாவது ம்-மும் முதல் மூணு மாதிரிதான்னு அவர் நினைச்சதுல வந்த வினை.

அதனால 'ம்-னா கேக்குறேன்னுதானே அர்த்தம்'னு எங்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டுப் போய் வீட்டுல காட்டலாம்னு பாக்காதீங்க தம்பி. அந்தம்மா "அம்மா வீட்டுத் தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு"ன்னு சொன்னப்போ நீங்க சொன்ன ம் வேற. "பாத்துட்டு வரட்டுமா?"ன்னு கேட்டப்போ சொன்ன ம் வேற. எது எதுக்குச் சொன்னோம்னு உங்களுக்கே தெரியாதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். தெரிஞ்சிருந்தா கடிதத்துல எழுதியிருப்பீங்க. ஒரு வீடு மாறுற பேச்சு ஒரே நாள்ல முடிஞ்சிருக்காது, நாள்கணக்குல நடந்திருக்கும், அது பூரா நீங்க போனைத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கீங்க!

கோவிச்சுக்காதீங்க. அரைக் காதுல கேக்குறது கேக்குறவனுக்கு மட்டும் நட்டம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், அதான் எனக்கு எரிச்சல். கனடாவுல பாவலாஸ்னு ஒரு அம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் 2000ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. முன்பின் தெரியாத ரெண்டு பேரை உக்கார வச்சு, ஒருத்தரை 'மயிரிழையில தப்பிச்ச' சொந்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னாங்க. கேக்குறவங்கள்ல சில பேருக்கு மட்டும் ரகசியமா ஒரு வேலை, கதையில 't' எழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தை எத்தனை வருதுன்னு எண்ணணும். யோசிங்க, அவங்க ஒரு வார்த்தை விடாம காது குடுத்துத்தான் ஆகணும், ஆனா கதைதான் உள்ள போகாது. அவங்ககிட்ட இருந்து சத்தமே கொறைஞ்சு போச்சு, அதுலயும் கதைக்குத் தகுந்த மாதிரி வர்ற 'ஐயையோ', முகம் சுளிக்கிறது, மூச்சை இழுக்குறது இதெல்லாம் அனேகமா காணோம். அப்போ சொல்றவங்களுக்கு என்ன ஆச்சு? கதையே கெட்டுப்போச்சு, முக்கியமா முடிவு. உச்சத்துக்கு வந்து தடுமாறுறாங்க, முடிச்ச கதையைத் திரும்ப முடிக்கிறாங்க, இது ஏன் ஆபத்தா இருந்துச்சுன்னு விளக்கம் குடுக்குறாங்க. எதிர்ல இருக்குறவர் எண்ணிக்கிட்டு இருந்தது அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

உங்க மனைவி ஒரே விஷயத்தை ரெண்டு மூணு தரம் சொல்றாங்களா? "அதுக்கில்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா"ன்னு இழுக்குறாங்களா? நல்லா யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம் ஆராய்ச்சி இல்லாமலே எங்க ஆச்சிக்குத் தெரியும். ராத்திரி கதை சொல்றப்போ உம் கொட்டணும், கொட்டலன்னா கதை நின்னுரும். வெறுமனே கொட்டவும் முடியாது. ராட்சசன் குகை வாசலுக்கு வந்துட்டான், உள்ள ராஜகுமாரி இருக்கா, நாங்க அரைத்தூக்கத்துல உம், உம்-னு போட்டுட்டே இருப்போம், ஆச்சி குரலை மாத்தாம "அப்போ கிணத்துல ஒரு யானை விழுந்து, அதைக் கொக்கு தூக்கிட்டுப் போச்சு"ம்பா. எவன் உம்-ங்குறானோ அவனுக்குத் தொடையில ஒரு கிள்ளு. முழிச்சிருக்குறவன் "ஆங்? எந்த யானை?"ன்னு எந்திரிச்சு உக்காருவான்.

அப்பா அந்தக் கோடைக்கு அப்புறம் ஆளே மாறிட்டாரு. யாரு எது பேச வந்தாலும் கையில இருக்குறதைக் கீழ வச்சிருவாரு. கடைசியில "கேட்டுக்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுதேன்"ம்பாரு. அதுக்கு நிறைய பேர் அவரை அழுத்தக்காரன்னு சொன்னாங்க.

அட்வான்ஸ் குடுத்தாச்சுல்ல, வீட்டை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. தண்ணி வசதி எப்படின்னு கேளுங்க.

போன ஞாயித்துக்கிழமை அம்மா ஊர்ல இருந்து போன் பண்ணாங்க. நான் லேப்டாப்புல ஏதோ டைப் பண்ணிட்டே ம் போட்டுட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுக் கல்யாணம், கரண்ட் பில்லு, முட்டி வலின்னு போயிட்டு இருந்த குரல், கொஞ்சமும் மாறாம, "கிணத்துல யானை விழுந்துருச்சுடா"ன்னுச்சு.

"ம்"னேன்.